அமீபா சீதபேதியும் ஜியார்டியாவும்: பாதியில் நிறுத்தாமல் முழுதாகக் குணமாவது எப்படி?

பெங்களூரு ஈஜிபுராவில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். சுற்றிலும் பிஜி விடுதிகள். கோவில்பட்டி, தர்மபுரி, வேலூர் என்று நம்மூர்களிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் நிறையப் பேர். வயிறு கெட்டால் அவர்கள் டாக்டரிடம் போவதில்லை, நேராகக் கடைக்கு வருவார்கள். "அண்ணா, காலைலேருந்து ஆறு தடவ போயிடுச்சு, ஒரு செட் குடுங்க." செட் என்றால் ஒரு ஆன்டிபயாட்டிக் கலப்பு மாத்திரை, வயிற்று வலிக்கு ஒன்று, பேதியை நிறுத்த ஒன்று. இரண்டு நாளில் நின்றுவிடும். மூன்று நான்கு வாரம் கழித்து அதே ஆள் அதே தொல்லையோடு திரும்ப வருவார்.

அப்படித் திரும்பி வருவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் அமீபா சீதபேதியில் ஒரு காரணம் தெளிவானது. அந்த நோய்க்கு இரண்டு மருந்து வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் மருந்து குடல் சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கும் அமீபாவைக் கொல்லும். இரண்டாவது, குடலுக்குள்ளேயே மிச்சமிருப்பதைத் துடைத்தெடுக்கும். முதலாவதைப் பாதியும் இரண்டாவதை அடியோடும் விட்டுவிடுவதுதான் நடைமுறையில் நடக்கிறது. அந்த இரண்டாவது மருந்து வரைக்கும் படிப்படியாகப் போவோம். கூடவே ஜியார்டியாவையும் பார்ப்போம். அதற்கும் இதே குடும்பத்து மாத்திரைதான், ஆனால் கணக்கு வேறு.

முதல் படி: இது அமீபாதானா?

பெரும்பாலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திடீரென்று தண்ணீராகப் போய், இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கும் பேதிக்குப் பெரும்பாலும் வைரஸ் அல்லது பாக்டீரியாதான் காரணம். அதற்குத் தேவை ஓ.ஆர்.எஸ். கரைசல். அமீபாவுக்கு எழுதும் மெட்ரோனிடசோல் மாத்திரை அங்கே ஒன்றும் செய்யாது.

மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து வந்தால்தான் சீதபேதி என்கிறோம். அதிலும் இரண்டு வகை. திடீரென்று ஆரம்பித்து, காய்ச்சல் ஏறி, ஒரே நாளில் ஆளைச் சுருட்டிப் போட்டால் பெரும்பாலும் ஷிகெல்லா போன்ற பாக்டீரியா. அதற்கு மருந்து வேறு. அமீபா மெதுவாக வரும். கிருமி உள்ளே போய் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத் தொல்லை தொடங்கும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், அடிவயிறு முறுக்கும், போய்விட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருப்பதுபோல் கடுக்கும். மலத்தில் சளியோடு ரத்தக் கோடுகள் தெரியும். பலருக்குக் காய்ச்சலே இருக்காது. அதனால்தான் "சூடு புடிச்சிருக்கு" என்று இளநீர் குடித்தே பத்து நாளை ஓட்டிவிடுகிறார்கள்.

ஜியார்டியா இருப்பது பெருங்குடலில் இல்லை, சிறுகுடலின் தொடக்கத்தில். அது சுவரைத் துளைப்பதில்லை, அதனால் ரத்தம் வராது. சுவரில் ஒட்டிக்கொண்டு, கொழுப்பும் சத்தும் உடம்பில் சேரவிடாமல் செய்யும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, நாற்றம் தாங்காமல், தண்ணீரில் மிதக்கும். வயிறு உப்பி, அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம் வரும். வாரக்கணக்கில் விட்டுவிட்டு வந்து, எடை குறையும். ரத்தம் வந்தால் ஜியார்டியாவைச் சந்தேகிக்க வேண்டாம், வேறு காரணம் தேடுங்கள்.

மலப் பரிசோதனையை ஒழுங்காகக் கொடுப்பது

லேபில் கொடுக்கும் டப்பாவில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறோம். எடுக்கும் விதத்தில் தப்பு நடந்தால் ரிப்போர்ட்டும் தப்பாகும். மலத்தோடு சிறுநீர் கலந்தால் உயிருள்ள அமீபா செத்துவிடும். கக்கூஸ் தண்ணீர் கலந்தால் அந்தத் தண்ணீரில் இயல்பாகவே வாழும் வேறு நுண்ணுயிர்கள் உள்ளே வந்து குழப்பும். ஒரு பழைய செய்தித்தாளையோ அகலமான பிளாஸ்டிக் டப்பாவையோ வைத்து, அதில் போய், சளியும் ரத்தமும் உள்ள பகுதியைப் பார்த்து எடுங்கள். கெட்டியான பகுதியை விட அங்கேதான் அமீபா இருக்கும்.

அடுத்தது நேரம். அமீபாவுக்கு இரண்டு வடிவம். குடலுக்குள் ஊர்ந்து திரியும் உயிர்ப்பு வடிவம் ஒன்று, ஓடு போட்டுக்கொண்டு வெளியே வரும் முட்டை போன்ற வடிவம் ஒன்று. இரண்டாவதைத்தான் ரிப்போர்ட்டில் சிஸ்ட் என்று போடுவார்கள். ஊரும் வடிவத்தை மைக்ரோஸ்கோப்பில் பிடிக்க வேண்டுமானால், தண்ணீராகப் போன மலத்தை அரை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். பிஜியில் காலை ஆறு மணிக்கு எடுத்து ஆபீஸ் போகும் வழியில் பத்து மணிக்குக் கொடுத்தால் அது கிடைக்காது. லேபுக்குப் போய் அங்கேயே எடுத்துக் கொடுப்பது நல்லது. ஒருமுறை பார்த்து ஒன்றும் இல்லையென்றால், அமீபா இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. கிருமி தினமும் ஒரே அளவில் வெளியேறாது, அதனால் வெவ்வேறு நாளில் மூன்று சாம்பிள் கேட்பார்கள். சாம்பிள் கொடுக்கும் முன் மாத்திரை எதுவும் ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே இரண்டு நாள் செட் போட்டிருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டை வாசிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. "எண்டமீபா ஹிஸ்டோலிடிகா சிஸ்ட் காணப்பட்டது" என்று எழுதியிருந்தால் உடனே பயந்துவிட வேண்டாம். எண்டமீபா டிஸ்பார் என்று ஒரு சகோதரக் கிருமி உண்டு. நோய் எதுவும் தராது, ஆனால் மைக்ரோஸ்கோப்பில் அச்சு அசல் அதே மாதிரி தெரியும். ரத்தச் சிவப்பணுவை விழுங்கி வைத்திருக்கும் உயிர்ப்பு அமீபா தெரிந்தால்தான் நோய் தருவது இதுதான் என்று நம்பலாம். சிஸ்ட் மட்டும் தெரிந்தால், எது எது என்று பிரித்துச் சொல்ல மலத்தில் ஆன்டிஜென் பரிசோதனையோ பி.சி.ஆரோ தேவை. நம் ஊரில் வருடக்கணக்கில் "எனக்கு நாள்பட்ட அமீபா" என்று சொல்லிக்கொண்டு, மாதம் ஒருமுறை மெட்ரோனிடசோல் வாங்கிப் போடுபவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்கு இருப்பது எரிச்சல் குடல் தொல்லைதான் என்பது என் கணிப்பு. மாத்திரை போட்டும் திரும்பத் திரும்ப வந்தால் மாத்திரையை மாற்றாதீர்கள், நோய் என்ன என்பதைத் திரும்பப் பாருங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு, அது இன்னும் ஆபத்தானது. அமீபாவால் வந்த குடல் புண்ணை, கிருமியால் வராத அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற குடல் அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால், புண் தீவிரமாகிக் குடல் ஓட்டையாகவும் கூடும். ரத்தபேதிக்கு யாராவது ஸ்டீராய்டு தொடங்கச் சொன்னால், அமீபா இல்லையென்று பார்த்தாகிவிட்டதா என்று கேட்பதில் தப்பில்லை.

இரண்டாவது படி: முதல் மருந்து

குடல் சுவரில் இருக்கும் அமீபாவுக்கு மெட்ரோனிடசோல் அல்லது டினிடசோல். இரண்டும் ஒரே குடும்பம். நம் கடைகளில் மெட்ரோனிடசோல் 400 மி.கி. மாத்திரையாகக் கிடைக்கும், ஃப்ளாஜில், மெட்ரோஜில் என்ற பெயர்களில் பலருக்கும் பழக்கம். பெரியவர்களுக்கு அமீபா சீதபேதி என்றால் வழக்கமான அளவு 800 மி.கி., அதாவது இரண்டு மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை, 5 முதல் 10 நாள் வரை. டினிடசோல் உடம்பில் அதிக நேரம் தங்கும், அதனால் நாளுக்கு ஒரே வேளை, 2 கிராம், மூன்று நாள். 500 மி.கி. மாத்திரை என்றால் ஒரே நேரத்தில் நான்கு. பார்த்தவுடன் "இவ்வளவா?" என்று தோன்றும், அளவு அதுதான்.

இந்த மருந்துகள் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. நான் இங்கே அளவைச் சொல்வது, டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீங்கள் புரிந்து முழுதாகப் போடுவதற்காக. குழந்தைகளுக்கு எடையை வைத்துத்தான் அளவு, பெரியவர் மாத்திரையில் பாதி என்று நீங்களே உடைத்துக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள் எல்லோரும் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், வெறும் வயிற்றில் குமட்டும். வாயில் இரும்பைச் சுவைத்தது போன்ற ருசி பலருக்கும் வரும். காபிகூடக் கசக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகலாம், அதில் ஆபத்தில்லை. மருந்து முடிந்ததும் இரண்டும் சரியாகிவிடும். ஆனால் கை கால் விரல்களில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, தலைசுற்றித் தள்ளாட்டம், வலிப்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ரத்தபேதியில் பேதி நிறுத்தும் லோபரமைடு மாத்திரை வேண்டாம். குடலின் அசைவை நிறுத்திக் கிருமியை உள்ளேயே பூட்டி வைப்பதற்குச் சமம் அது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுதாகக் கரைத்துக் குடியுங்கள். ஒரு தம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டினால் உப்பு அதிகமாகி பேதி கூடும்.

மது: எத்தனை நாள், ஏன்

கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "அண்ணா, வெள்ளிக்கிழமை டீம் பார்ட்டி, ஒரு பியர் போடலாமா?"

மெட்ரோனிடசோல், டினிடசோல் போடும்போது மது குடித்தால் சிலருக்கு முகம் சிவந்து சுடும், தலை வெடிப்பதுபோல் வலிக்கும், வாந்தி, நெஞ்சு படபடப்பு எல்லாம் வரும். குடிப்பழக்கத்தை விடக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையோடு குடித்தால் வருவதைப் போன்ற விளைவு. இது எல்லோருக்கும் வருவதில்லை. ஆரோக்கியமான ஆட்களிடம் சோதித்த ஒரு சிறிய ஆய்வில் இந்த விளைவு தெரியவே இல்லை, அதனால் இது எவ்வளவு உண்மை என்று நிபுணர்களிடமே விவாதம் இருக்கிறது. ஆனால் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் இருக்கின்றன. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஏற்கெனவே பேதியில் நீர் வற்றிய உடம்பில் வாந்தியும் படபடப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தால், ஒரு பியருக்காக அதைச் சோதித்துப் பார்ப்பது தேவையில்லாத வேலை.

கணக்கு இது. மருந்து போடும் நாள் முழுக்க வேண்டாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு மெட்ரோனிடசோலுக்குக் குறைந்தது 48 மணி நேரம், டினிடசோலுக்கு 72 மணி நேரம். மெட்ரோனிடசோல் ரத்தத்தில் பாதியாகக் குறைய 8 மணி நேரம் போல ஆகும், டினிடசோலுக்கு 12 முதல் 14 மணி நேரம். அதுதான் இடைவெளியில் வித்தியாசம். எதைப் போட்டோம் என்று நினைவில்லையா? இரண்டுக்கும் 72 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோனிடசோல் பெட்டிகள் சிலவற்றிலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

நம் வீடுகளில் மறந்துபோகும் ஒரு விஷயம்: அரிஷ்டம். தசமூலாரிஷ்டம் போன்றவை ஊறல் போட்டுப் புளிக்க வைத்துத் தயாரிப்பவை, அதில் இயற்கையாகவே ஆல்கஹால் உண்டு. "பசி எடுக்கட்டும்" என்று அம்மா ஊரிலிருந்து கொடுத்துவிட்டதை இந்த நாட்களில் தள்ளி வையுங்கள். சில இருமல் சிரப்புகளிலும் ஆல்கஹால் இருக்கும், பாட்டிலின் பின்பக்கத்தைப் பாருங்கள். குடியை விட டைசல்ஃபிராம் எடுத்துக்கொண்டிருப்பவரோ, கடந்த இரண்டு வாரத்துக்குள் எடுத்தவரோ மெட்ரோனிடசோல் போடவே கூடாது. மனக்குழப்பம், பிரமை வரை போகலாம். வீட்டில் யாருக்கும் தெரியாமல் அந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் உண்டு, டாக்டரிடமாவது சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது படி: எல்லோரும் விட்டுவிடும் மருந்து

மெட்ரோனிடசோல் நல்ல மருந்து, ஆனால் அதன் நல்ல குணமே இங்கே ஒரு குறையாகிறது. வாயில் போட்டதும் குடலின் மேற்பகுதியிலேயே கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் கலந்துவிடும். அதனால் திசுக்களுக்குள், கல்லீரலுக்குள்கூடப் போய் அமீபாவைக் கொல்லும். ஆனால் பெருங்குடலின் உள்வெளியில் மலத்தோடு இருக்கும் அமீபாவிடம் போய்ச் சேர மருந்து மிச்சம் இருக்காது. இந்த மருந்தை மட்டும் போட்டவர்களில் 100 பேருக்கு 40 முதல் 60 பேர் குடலில் கிருமி தங்கிவிடுகிறது. அவர்களுக்குப் பேதி நின்றிருக்கும், நன்றாக இருப்பதாகவே நினைப்பார்கள். ஆனால் தினமும் சிஸ்ட் வெளியே போய்க்கொண்டிருக்கும். சில வாரத்தில் அவர்களுக்கே திரும்ப வரலாம், இல்லையென்றால் அதே மெஸ்ஸில் சாப்பிடும் இன்னொருவருக்கு.

அதற்குத்தான் குடலுக்குள்ளேயே வேலை செய்யும் இரண்டாவது மருந்து. இந்தியாவில் அதிகம் எழுதுவது டைலோக்சனைடு ஃபுரோயேட். 500 மி.கி. மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை, 10 நாள். மொத்தம் 30 மாத்திரை. பெரிய தொந்தரவு தராது, வாயு கொஞ்சம் அதிகமாகும், அவ்வளவுதான். கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. இன்னொரு மருந்து பரோமோமைசின். எடைக் கணக்கில், நாளுக்கு ஒரு கிலோவுக்கு 25 முதல் 35 மி.கி. வரை, மூன்று வேளையாகப் பிரித்து 7 நாள். அது தானே பேதியை உண்டாக்கக் கூடியது. அதனால் முதல் மருந்து முடிந்த பிறகு தொடங்குவதுதான் வழக்கம். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால், பேதி தொடரும்போது நோயாலா மருந்தாலா என்று தெரியாமல் போகும்.

மெட்ரோனிடசோலும் டைலோக்சனைடும் ஒரே மாத்திரையில் சேர்ந்தும் கிடைக்கின்றன. வசதிதான். ஆனால் ஐந்து நாளுக்கு எழுதினால் டைலோக்சனைடும் ஐந்து நாளோடு நின்றுவிடும். பத்து நாள் தேவை என்பதைத் தெரிந்துகொண்டு, "மீதி ஐந்து நாளுக்குத் தனியாக வேண்டுமா டாக்டர்?" என்று கேளுங்கள். எல்லாக் கடையிலும் தனி டைலோக்சனைடு இருப்பு இருக்காது. சீட்டு கையில் வந்த அன்றே சொல்லி வையுங்கள், முதல் மருந்து முடிவதற்குள் வரவழைத்துத் தருவார்கள். முதல் மருந்து முடிந்து, பேதியும் நின்ற பிறகு தேடப் போனால் பெரும்பாலும் தேடவே மாட்டீர்கள். இதைக் கடையில் இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

தொல்லை எதுவும் இல்லாமல், ஆனால் ஆன்டிஜென் பரிசோதனையில் நோய் தரும் அமீபாதான் என்று உறுதியானவர்களுக்கு இரண்டாவது மருந்து மட்டும் போதும். அவர்களுக்கு மெட்ரோனிடசோல் தேவையில்லை.

ஒருவருடைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

26 வயது, பி.டி.எம். லேஅவுட்டில் பிஜி. பத்து நாளாக நாளுக்கு ஆறேழு முறை, சளியும் ரத்தக் கோடும், காய்ச்சல் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் இதே மாதிரி வந்தபோது கடைச் செட் போட்டிருக்கிறார். அதில் இருந்தது நார்ஃப்ளாக்சசின் 400 மி.கி., டினிடசோல் 600 மி.கி. கலப்பு மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று, இரண்டு நாள். அதாவது மொத்தம் 2400 மி.கி. டினிடசோல். அமீபாவுக்குத் தேவை 6000 மி.கி. பாதிகூடப் போகவில்லை, இரண்டாவது மருந்து அறவே இல்லை. தொல்லை குறைந்து, பிறகு திரும்பியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இந்த முறை டாக்டரைப் பார்த்தார். மலத்தில் சிவப்பணு விழுங்கிய அமீபா தெரிந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு டினிடசோல் 2 கிராம். வியாழன் காலையிலிருந்து டைலோக்சனைடு 500 மி.கி. மூன்று வேளை, அடுத்த வாரம் சனிக்கிழமை வரை. மொத்தம் பத்து நாள். புதன் இரவு 9 மணிக்குக் கடைசி டினிடசோல் என்றால் 72 மணி நேரம் சனி இரவு 9 மணிக்குத்தான் முடியும். ஆக வெள்ளிக்கிழமை டீம் பார்ட்டிக்குப் போகலாம், கையில் லைம் சோடாவோடு. மறு மலப் பரிசோதனை, டைலோக்சனைடு முடிந்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள்.

பேதி பொதுவாக முதல் மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கும். இவருக்கு ஆபத்தான கட்டம் அடுத்த திங்கள், செவ்வாய்தான். வயிறு சரியாகி, பிரியாணி சாப்பிட ஆரம்பித்து, பையில் பாதி மாத்திரை போல மிச்சம் இருக்கும் நாட்கள் அவை. மதிய வேளைதான் அதிகம் தவறும். ஆபீஸ் பையில் ஒரு பட்டையைத் தனியாகப் போட்டு வைப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி.

ஜியார்டியாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது

ஜியார்டியா குடல் சுவரின் மேற்பரப்பில், சிறுகுடலிலேயே இருப்பதால் முதல் மருந்தே அதைத் தொட்டுவிடும். தனியாக இரண்டாவது மருந்து வேண்டாம். பெரியவர்களுக்கு டினிடசோல் 2 கிராம் ஒரே ஒரு வேளை. அதற்குப் பதிலாக மெட்ரோனிடசோல் 400 மி.கி. மூன்று வேளை, 5 முதல் 7 நாள். நைட்டசோக்சனைடு 500 மி.கி. இரண்டு வேளை மூன்று நாள் என்றும் எழுதுவார்கள். டினிடசோல், மெட்ரோனிடசோல் என்றால் மதுக் கணக்கு மேலே சொன்னதேதான்.

இங்கே ஏமாற்றுவது பால். ஜியார்டியா போன பிறகும் சிறுகுடலில் பாலைச் செரிக்கும் என்சைம் சில வாரங்களுக்குக் குறைவாக இருக்கும். காலையில் காபி குடித்ததும் வயிறு உப்பி, பேதியாகும். உடனே "போகலையே, திரும்ப வந்திருச்சு" என்று இன்னொரு கோர்ஸ் போட்டுவிடுவார்கள். முதலில் இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். தயிரும் மோரும் பலருக்குத் தாங்கும். அதற்கும் அடங்காமல் பிசுக்கு மலமும் எடைக் குறைவும் தொடர்ந்தால்தான் மறுபரிசோதனை. அதில் கிருமி இருந்தால் இரண்டு கேள்வி: மருந்து கேட்கவில்லையா, அல்லது அதே தண்ணீரிலிருந்து மறுபடியும் தொற்றியதா? முதலாவதென்றால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றுவார். இரண்டாவதென்றால் எந்த மருந்தாலும் நிற்காது.

மறுபடியும் வராமல்

பெங்களூரில் காவிரித் தண்ணீர், போர்வெல், டேங்கர் எல்லாம் கடைசியில் ஒரே சம்பில்தான் விழும். சம்பில் விரிசல் இருந்து, பக்கத்தில் சாக்கடைக் குழாய் ஓடினால் மேலே வரும் தண்ணீர் எவ்வளவு சுத்தமாகக் கிளம்பியிருந்தாலும் பிரயோஜனமில்லை. குழாய்த் தண்ணீரில் கலக்கும் அளவு குளோரின் இந்தச் சிஸ்ட்களைக் கொல்லப் போதாது, ஓடு அவ்வளவு கெட்டி. கொதிக்கவைத்தால் சாகும். குமிழி வந்து தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஒழுங்காகப் பராமரிக்கும் ஆர்.ஓ. கருவியும் வடிகட்டிவிடும், ஆனால் பிஜியில் அந்த வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேன் தண்ணீரிலும் கேனை விட, அதைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சரைத்தான் யாரும் கழுவுவதில்லை.

கைக்குச் சானிடைசர் தேய்த்தால் சிஸ்ட் சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால்தான் கையிலிருந்து போகும். மருந்து முடிந்து பரிசோதனை சரியாகும் வரை மெஸ்ஸில் பரிமாறுவது, ரூம்மேட்டுக்குப் பழம் நறுக்குவது போன்றவற்றைத் தவிருங்கள். கொதிக்காத சட்னி, கொத்தமல்லி தூவல், சாலையோரம் நறுக்கிய பழம் எல்லாம் கழுவிய தண்ணீரைப் பொறுத்தவை.

மறுபரிசோதனையும், அதற்கு முன்பே ஓட வேண்டிய நேரமும்

அமீபா என்றால், நன்றாக இருந்தாலும் மறு மலப் பரிசோதனை செய்துவிடுங்கள், முடிந்தால் ஆன்டிஜென் முறையில். இன்னும் இருந்தால் முதல் மருந்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க வேண்டும் என்றில்லை. தொல்லை இல்லையென்றால் குடலுக்குள் வேலை செய்யும் மருந்தையே திரும்பவோ மாற்றியோ டாக்டர் கொடுப்பார். சேர்ந்து சாப்பிடும் அறைத்தோழர்களுக்கோ வீட்டாருக்கோ பேதி இருந்தால் அவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கல்லீரலை மறக்காதீர்கள். குடலிலிருந்து ரத்தம் வழியாகப் போகும் அமீபா அங்கே சீழ்க்கட்டியை உண்டாக்கும். பேதி வந்து வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துக்கூட வரும். பேதியே வராதவர்களுக்கும் வரும். பெண்களை விட ஆண்களுக்கு, அதுவும் நடுத்தர வயது வரை உள்ளவர்களுக்குப் பல மடங்கு அதிகம். குளிர்காய்ச்சல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி, மூச்சை இழுத்தால் குத்தல், சில நேரம் வலது தோளில் வலி என்று இருந்தால் பரோட்டா சாப்பிட்ட வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் தெரிந்துவிடும். அதற்கும் முதலில் மெட்ரோனிடசோல் குடும்பம்தான், அது முடிந்ததும் இரண்டாவது மருந்து கட்டாயம். கல்லீரலில் கட்டி போனாலும் குடலில் கிருமி மிச்சமிருக்கலாம்.

வயிறு பலகைபோல் இறுகி, தொட்டாலே வலித்தால், ரத்தம் கட்டிகட்டியாகப் போனால், சிறுநீர் நின்று கண் சொருகினால், அல்லது மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் ரத்தம் குறையவில்லையென்றால் கடைக்கு வராதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது இதுவரை போட்ட மாத்திரைகளின் காலிப் பட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து எத்தனை உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் அதைப் பார்த்தே எண்ணிவிடுவார்.